எப்போது நிறுத்துவது?

பத்தாம் வகுப்பு மாணவியருக்கு "அமிலங்கள், காரங்கள், உப்புகள்" என்ற பாடத்தில் ஒரு பயிற்சித்தாள் கொடுத்திருந்தேன். அதில் ஐந்தாவது வினா இது: "சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொண்டு சோடியம் குளோரைடு தயாரிக்கும்போது ஒரே சோதனையை இரண்டு தடவை செய்கிறோம். முதலில் நிறங்காட்டியுடன், பிறகு நிறங்காட்டி இல்லாமல். ஏன்? தாமிர சல்பேட் தயாரிக்கும்போது அப்படிச் செய்வதில்லை. அது ஏன்?"

வினாவின் முதற்பாதிக்கு ஏறக்குறைய எல்லோருமே விடை எழுதியிருந்தார்கள். "நிறங்காட்டி கலந்தால் உப்பு தூய்மையாக இராது" என்பது அவ்விடை. சரிதான். இரண்டாம் பாதிக்கு வந்தபோது பலர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். "நிறங்காட்டியே தேவையில்லை. அமிலத்தைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டுக் கரைசலைக் காய்ச்சினால், மிஞ்சிய அமிலம் ஆவியாகப் போய்விடும். உப்பு மட்டும் நிற்கும்."

நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டேன். தாள்களைக் கட்டி வைத்த பிறகும் அந்த விடை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அடித்தது சரிதானா? அதைத் தீர்மானிக்க வேண்டுமானால், உப்புத் தயாரிப்பில் உள்ள ஒரே ஒரு கேள்வியை நாம் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று கலக்கும் இரண்டு பொருள்களில், எப்போது நிறுத்துவது என்பதுதான் அந்தக் கேள்வி.

நடுநிலையாக்கல் என்பது என்ன?

அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளன. காரக் கரைசலில் ஹைட்ராக்ஸைடு அயனிகள் உள்ளன. இரண்டும் சந்தித்தால் ஒன்று சேர்ந்து தண்ணீராகிவிடுகின்றன. அமிலத்தின் கடுமையும் காரத்தின் கடுமையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. இதுவே நடுநிலையாக்கல்.

HCl + NaOH → NaCl + H₂O

இந்தச் சமன்பாட்டைப் பார்த்ததும் சோடியமும் குளோரினும் அங்கேயே உப்பாகச் சேர்ந்துவிட்டன என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவை நீரில் தனித்தனி அயனிகளாகத்தான் மிதந்துகொண்டிருக்கின்றன. நீரை வற்றச் செய்யும்போதுதான் அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து உப்புப் படிகங்களாகக் காட்சி தருகின்றன. ஆகவே உப்புத் தயாரிப்பு என்பது இரண்டு வேலைகள். அமிலமும் காரமும் மிச்சமின்றித் தீரும்படி கலக்க வேண்டும். பின்னர் நீரை நீக்க வேண்டும்.

இரண்டாவது வேலை எளிது. முதல் வேலையில்தான் சிக்கல். அமிலம் தண்ணீரைப் போல நிறமற்றது. காரக் கரைசலும் அப்படியே. இரண்டும் கலந்த உப்புக் கரைசலும் அப்படியே. குமிழி இல்லை, வண்டல் இல்லை, மணமும் இல்லை. கொஞ்சம் சூடு மட்டும் உண்டாகும். பள்ளியில் நாம் பயன்படுத்தும் நீர்த்த கரைசல்களில் அது இரண்டரை டிகிரி அளவுதான். கையால் தொட்டு உணர்வதும் கடினம். ஆக, "போதும், நிறுத்து" என்று சொல்ல அந்தக் குடுவைக்குள் யாருமே இல்லை.

"கணக்குப் போட்டு அளந்து ஊற்றிவிடலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 0.4 கிராம் சோடியம் ஹைட்ராக்ஸைடை நடுநிலையாக்கினால் 0.585 கிராம் சோடியம் குளோரைடு கிடைக்கும் என்று காகிதத்தில் கணக்கிடலாம். ஆனால் சோடியம் ஹைட்ராக்ஸைடு வில்லைகளைத் தராசுத் தட்டில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் அவை பளபளத்து ஈரமாகும். காற்றிலுள்ள நீராவியையும் கரியமில வாயுவையும் அவை உறிஞ்சுகின்றன. நாம் நிறுத்தது 0.4 கிராம்தான், அதில் உண்மையான காரம் எவ்வளவு என்பது தெரியாது. அமிலப் புட்டியும் அப்படித்தான். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் புகையாகக் கொஞ்சத்தை இழக்கிறது. எனவே கணக்கு நமக்குக் கிட்டத்தட்ட எவ்வளவு என்பதைச் சொல்லும். சரியான இடத்தைச் சொல்லாது.

கருப்புத் தூளே காவலாளி

இனித் தாமிர சல்பேட்டைப் பார்ப்போம். நம் வீடுகளில் மயில்துத்தம் என்று சொல்லும் நீலப் படிகம் இது. இதற்கு நாம் எடுக்கும் காரம் தாமிர ஆக்ஸைடு. அது கருப்பு நிறத் தூள், நீரில் கரையாது. இதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி.

ஒரு பீக்கரில் 25 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு அரை மோல் செறிவு போதும். கொதிக்கவிடாமல் மெதுவாகச் சூடாக்குங்கள். தாமிர ஆக்ஸைடைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கண்ணாடிக் கோலால் கலக்குங்கள். முதற் சிட்டிகை மறைந்து கரைசல் நீலமாகும். அடுத்த சிட்டிகையும் மறையும். ஏறக்குறைய 1 கிராம் சேர்ந்த பிறகு, எவ்வளவு கலக்கினாலும் சிறிது கருந்தூள் அடியில் தங்கிவிடும். அமிலம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அமிலம் இருந்தால் அந்தத் தூளை விட்டுவைக்குமா?

அதிகமாகப் போட்டுவிட்டோமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. மிஞ்சிய தூள் கரையாததால் வடிதாளில் தங்கிவிடும். கீழே இறங்கும் நீல வடிநீரில் தாமிர சல்பேட்டும் நீரும் மட்டுமே இருக்கும். அதைப் பீங்கான் கிண்ணத்தில் பாதியளவு வற்றும்வரை காய்ச்சுங்கள். கண்ணாடிக் கோலை நனைத்து வெளியே எடுத்தால், அதன் நுனியில் ஆறியதும் சிறு படிகங்கள் தோன்ற வேண்டும். அப்போது அடுப்பை அணைத்துக் கிண்ணத்தை மறுநாள்வரை அசைக்காமல் வைத்துவிடுங்கள். ஆசையினால் முழுவதும் வற்றக் காய்ச்சினால், படிகத்திலுள்ள நீரும் போய் நீலம் வெளுத்துச் சாம்பல் வெண்மையான தூள்தான் மிஞ்சும். மேற்சொன்ன அளவுகளில் இழப்பு ஒன்றும் இல்லையென்றால் 3.1 கிராம் படிகம் கிடைக்க வேண்டும். நம் மாணவியருக்கு 2 கிராமுக்கு மேல் கிடைத்தாலே மகிழ்ச்சி. மீதி, படிகம் வளர்ந்த நீரிலும் வடிதாளிலும் தங்கிவிடுகிறது.

ஆக, கரையாத காரத்தை எடுத்தால் நிறங்காட்டி வேண்டாம். மிஞ்சி நிற்கும் காரமே நமக்கு அடையாளம். அந்த மிச்சத்தை நீக்கவும் ஒரு வடிதாள் போதும். வினாவின் இரண்டாம் பாதிக்கு நான் எதிர்பார்த்த விடை இதுதான்.

ஆயினும் இங்கும் ஒரு பொய்ச்சாட்சி உண்டு. சலவைக்கல் துண்டுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் முதலில் நுரைத்துப் பொங்கும். சற்று நேரத்தில் நுரை அடங்கிவிடும். கல்லும் மிச்சமிருக்கிறது, நுரையும் நின்றுவிட்டது. ஆகவே அமிலம் தீர்ந்தது என்று நம் மாணவியர் எழுதிவிடுவார்கள். ஒரு துளியை நீல லிட்மஸ் தாளில் வைத்துப் பாருங்கள், தாள் சிவக்கும்! அமிலம் தீரவில்லை. உண்டான கால்சியம் சல்பேட் நீரில் மிகக் குறைவாகவே கரைவதால், கல்லின் மேல் ஒரு போர்வையாகப் படிந்து அமிலம் உள்ளே போகாதபடி தடுத்துவிட்டது. ஆகவே "நின்றுவிட்டது" என்பது வேறு, "தீர்ந்துவிட்டது" என்பது வேறு. சந்தேகம் வந்தால் லிட்மஸ் தாளைக் கேட்டுவிட வேண்டும்.

ஒரு துளியின் வேலை

இப்போது சோடியம் ஹைட்ராக்ஸைடுக்கு வருவோம். அதுவும் நீரில் கரையும், அமிலமும் நீரில் கரையும், உண்டாகும் உப்பும் நீரில் கரையும். எது மிஞ்சினாலும் கண்ணுக்குத் தெரியாது, வடிதாளிலும் தங்காது. ஆகவே வெளியிலிருந்து ஒரு சாட்சியை அழைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சிதான் நிறங்காட்டி.

சோதனையைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். அமிலத்தைக் கண்டு பயப்படும் மாணவியர் காரத்தைக் கண்டு பயப்படுவதில்லை. கண்ணில் தெறித்தால் இரண்டில் அதிகத் தீங்கு செய்வது சோடியம் ஹைட்ராக்ஸைடுதான்.

பிப்பெட்டின் முனையில் ரப்பர் குமிழைப் பொருத்தி, 25 மி.லி. சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்துக்கொள்கிறோம். 100 மி.லி. நீரில் 1.6 கிராம் கரைத்த கரைசல் இது. வாயால் உறிஞ்சும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். இதில் இரண்டு துளி பினாப்தலீன் விட்டால் கரைசல் நல்ல இளஞ்சிவப்பு நிறம் பெறும். குடுவையின் கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பியூரெட்டை முதலில் தண்ணீராலும் பிறகு சிறிது அமிலத்தாலும் அலசிவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நிரப்புகிறோம். புனலை எடுத்துவிட மறக்கக் கூடாது. பிறகு அதிலிருந்து சொட்டும் ஒரு துளி கணக்கைக் கெடுக்கும். அடைப்பானுக்குக் கீழே காற்றுக் குமிழி இருந்தால், சிறிது அமிலத்தை வேகமாக ஓடவிட்டு அதை வெளியேற்றிய பிறகே அளவைக் குறிக்க வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் காரத்தால் அலசக் கூடாது. பிப்பெட் அளந்து தந்த 25 மி.லி.யோடு அலசிய காரமும் சேர்ந்துவிடும். அதைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே ஈரம் இருந்தாலும் குற்றமில்லை. ஏனெனில் தண்ணீர் காரத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

இடக்கையால் பியூரெட்டின் அடைப்பானைத் திருகிக்கொண்டு வலக்கையால் குடுவையைச் சுழற்றி அசைக்கிறோம். அமிலம் விழுந்த இடத்தில் நிறம் வெளுத்து மீண்டும் சிவக்கும். முடிவு நெருங்க நெருங்க அந்த வெளுப்பு நீடித்து நிற்கும். அப்போதிலிருந்து துளித் துளியாகத்தான் விட வேண்டும்.

நம் ஆய்வகத்தில் ஒரு குழுவினர் எடுத்த அளவுகள் இவை. முதல் தடவை அவசரத்தில் 25.4 மி.லி.; இதை ஒத்திகை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை 24.8 மி.லி. மூன்றாம் தடவையும் 24.8 மி.லி. ஒத்துப்போன இந்த இரண்டு அளவுகளைத்தான் ஏற்க வேண்டும். ஒத்திகையையும் சேர்த்து மூன்றுக்கும் சராசரி எடுப்பது பெரும் தவறு. 25.4 என்பது தவறான அளவு என்று தெரிந்த பிறகு, அதை நல்ல அளவுகளோடு கலப்பானேன்?

இப்போது குடுவையைக் கழுவி, புதிதாக 25 மி.லி. காரம் எடுத்து, நிறங்காட்டி விடாமல் சரியாக 24.8 மி.லி. அமிலத்தை ஊற்றுகிறோம். எங்கே நிறுத்துவது என்பதை நிறங்காட்டி ஏற்கெனவே சொல்லிவிட்டது. இனி அது வேண்டாம். இந்தக் கரைசலைக் காய்ச்சினால் அரை கிராமுக்குச் சற்று அதிகமான வெண்ணிற உப்பு கிடைக்கும். இரண்டாம் தடவை செய்வதற்கு மனமில்லாதவர்கள், நிறங்காட்டி கலந்த கரைசலிலேயே சிறிது கரித்தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டலாம். கரி நிறங்காட்டியை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆய்வகத்தில் செய்த உப்பை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்க்கவே கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குடுவையில் முன்பு என்ன இருந்தது என்பது யாருக்குத் தெரியும்?

நிறங்காட்டியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சாம்பார் கறை பட்ட வெள்ளைத் துணியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை செந்நிறமாக மாறுவதை நம் தாய்மார்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வெள்ளை அங்கி அணியும் நம் சிஸ்டர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகவே சொல்வார்கள்! எலுமிச்சைச் சாறு பட்டால் அது மறுபடி மஞ்சளாகிவிடும். சோப்பு நீர் காரத்தன்மை உடையது. மஞ்சள் ஒரு நிறங்காட்டி. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் இந்த மஞ்சளை இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மஞ்சள் தடவிய ஒரு தாளில் எலுமிச்சைச் சாறு ஒரு துளியும், வெறும் தண்ணீர் ஒரு துளியும் வையுங்கள். இரண்டு இடத்திலும் தாள் மஞ்சளாகவே இருக்கும். காரம் இருக்கிறதா என்பதை மஞ்சள் சொல்லும். அமிலமா, தண்ணீரா என்பதை அதனால் சொல்ல முடியாது. பினாப்தலீனும் அப்படித்தான். நிறங்காட்டி எதுவும் "இதோ நடுநிலை" என்று காட்டுவதில்லை. தனக்கென்று உள்ள ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டியதை மட்டுமே காட்டுகிறது.

அந்த எல்லை எங்கே என்பதைப் பி.எச். அளவால் சொல்கிறோம். தூய நீருக்கு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பினாப்தலீன் சுமார் 8.3-க்குக் கீழே நிறமற்றது. 10 அளவில் நன்றாகச் சிவக்கும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். இரண்டின் எல்லையும் 7-ல் இல்லை! அப்படியானால் நாம் பெற்ற 24.8 மி.லி. சரியான இடந்தானா என்ற ஐயம் எழுகிறது அல்லவா?

சரிதான். அதற்குக் காரணம் அந்தக் கடைசித் துளி. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. நம் சோதனையில் நடுநிலைக்கு ஒரு துளி முன்னால் கரைசலின் பி.எச். 10-க்கு மேல் இருக்கும். ஒரு துளி அதிகமானால் 3-க்கும் 4-க்கும் இடையே இறங்கிவிடும். படிப்படியாக இறங்காமல் மாடியிலிருந்து குதிப்பது போல ஒரே பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலில் பினாப்தலீனின் எல்லையும் கடக்கப்படுகிறது. மெத்தில் ஆரஞ்சின் எல்லையும் எட்டப்படுகிறது. ஆகவே வலிமையான அமிலமும் வலிமையான காரமும் சேரும்போது, எந்த நிறங்காட்டியை எடுத்தாலும் ஒரு துளிக்கு மேல் வித்தியாசம் வராது.

வலிமை குறைந்த அமிலம் வந்தால் கதை மாறிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக வினிகரைப் பியூரெட்டில் எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள அசெட்டிக் அமிலம் வலிமை குறைந்தது. இப்போது பாய்ச்சல் சிறியது. அதுவும் 7-க்கு மேலே, பினாப்தலீனின் எல்லையை ஒட்டியே நடக்கிறது. பினாப்தலீன் சரியான இடத்தில் நிறம் மாறும். மெத்தில் ஆரஞ்சோ அசையவே அசையாது. தேவையான அளவைப் போல இரு மடங்குக்கும் அதிகமாக வினிகரை ஊற்றிய பிறகுதான் அது மெல்ல மெல்ல மாறத் தொடங்கும். ஒரே குடுவை, ஒரே காரம், ஒரே அமிலம். சாட்சியை மாற்றியதால் தீர்ப்பே மாறிவிட்டது. பயிற்சித்தாளில் "தகுந்த நிறங்காட்டி" என்று வினா கேட்பது இதனால்தான்.

அடிக்கப்பட்ட விடை

இனி அந்த மாணவியின் விடைக்குத் திரும்புவோம். அமிலத்தை அதிகமாக ஊற்றிக் காய்ச்சினால் என்ன ஆகும்?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பது நீரில் கரைந்த ஒரு வாயு. காய்ச்சும்போது நீரோடு அதுவும் ஆவியாகப் போய்விடும். முழுவதும் வற்றிக் காய்ந்த பிறகு கிண்ணத்தில் இருப்பது சோடியம் குளோரைடு மட்டுமே. ஆகவே அவள் எழுதியது உண்மை! நம் குழுவின் ஒத்திகையில் 0.6 மி.லி. அமிலம் அதிகமாக விழுந்ததே, அதனால் கிடைக்கும் உப்பின் தூய்மை கெட்டிருக்காது. இதில் இரண்டு குறைகள் உண்டு. அமிலம் வீணாகிறது, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகை அறையில் பரவுகிறது. ஆனால் இவை சிரமங்களே தவிர, அவளுடைய விடையைப் பொய்யாக்கும் காரணங்கள் அல்ல.

அதே 0.6 மி.லி. குறைந்திருந்தால் என்ன ஆகும்? அப்போது ஏறக்குறைய 10 மில்லிகிராம் சோடியம் ஹைட்ராக்ஸைடு தீராமல் மிஞ்சும். அது ஆவியாகாது. உப்போடு உப்பாகக் கிண்ணத்தில் காய்ந்து நிற்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். ஆனால் அந்த உப்பைத் திறந்து வைத்தால் விரைவில் ஈரம் கசியும். ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளில் சிறிது தூவினால் தாள் நீலமாகும். ஆகவே இந்தச் சோதனையில் அதிகமாவதும் குறைவதும் ஒரே வகைப் பிழைகள் அல்ல. ஒன்று தானே விலகிப்போகும். மற்றொன்று உப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

அவளுடைய வழியை எல்லா உப்புகளுக்கும் கையாளலாமா என்றால், அங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலத்தை எடுத்துச் சோடியம் சல்பேட் தயாரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கந்தக அமிலம் நீரோடு ஆவியாகிப் போகாது. நீர் வற்ற வற்ற அது அடர்த்தியாகிக் கிண்ணத்திலேயே தங்கும். அதுமட்டுமல்ல. கந்தக அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தர வல்லது. இரண்டையும் காரம் தீர்த்துவிட்டால் கிடைப்பது Na₂SO₄. அமிலத்தை அதைப் போல இரு மடங்கு ஊற்றிவிட்டால், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன் மிஞ்சி NaHSO₄ கிடைக்கும். இதுவும் வெண்மையான படிகந்தான். இதுவும் ஓர் உப்புதான். ஆனால் இதன் கரைசல் நீல லிட்மஸைச் சிவக்கச் செய்யும். சோடியம் சல்பேட் என்று பெயர் எழுதி ஒட்டிய புட்டியில் வேறொரு பொருள் இருக்கும்! காய்ச்சிப் போக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே கைகொடுக்காது. நிறங்காட்டி சொன்ன இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

ஆகவே பயிற்சித்தாளில் "இந்த உப்பை எவ்வாறு தயாரிப்பாய்?" என்று கேட்டால், மனப்பாடமான முறையை உடனே எழுதத் தொடங்காமல், "எது மிஞ்சும்? மிஞ்சினால் அதை எப்படி நீக்குவேன்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சுவது கரையாத பொருளானால் வடிகட்டலாம், நிறங்காட்டி வேண்டாம். மிஞ்சுவது ஆவியாகும் பொருளானால் காய்ச்சிப் போக்கலாம். புகையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சுவது கரையவும் செய்து, ஆவியாகவும் மறுத்தால், மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. பியூரெட்டும் நிறங்காட்டியும் அதற்காகத்தான்.

மறுநாள் அந்தத் தாளை எடுத்து, சிவப்புக் கோட்டின் அருகே, "இந்த உப்புக்கு உன் விடை சரி. கந்தக அமிலத்துக்கு இது பொருந்துமா என்று யோசித்து எழுதிக் கொண்டு வா" என்று எழுதி, மதிப்பெண்ணையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் கொண்டுவந்த காகிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: "பொருந்தாது டீச்சர், அது போகாமல் அங்கேயே இருக்கும்."

அதற்கும் முழு மதிப்பெண்தான்.